நூற்றுத் தொண்ணூறு டன்

"ஏறுமா இறங்குமா? ஒரு வார்த்தையிலே சொல்லு லிங்கம்," என்றாள் உலகம்மை.

"ஒரு வார்த்தையிலே சொல்லுகிற காரியமா அக்கா அது?"

"பின்னே பேங்குலே உன்னை எதுக்கு வச்சிருக்கான்? ஃபேனுக்கு அடியிலே உட்காந்து காத்து வாங்கவா?"

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் தாணுமாலயன் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. உலகம்மை ஓடிப்போய் முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தாள். "சிரிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லுறது?" "நீ வாயை மூடினா நான் ஏன் சிரிக்கேன்?" என்றார் அவர், மூச்சு திரும்பியதும்.

அது 1980-ஆம் வருஷம், மே மாதம். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் வீடு. தாணுமாலயன் சாலை என்ற கடைத்தெருவில் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதியவர். இருதய வால்வு சுருங்கிவிட்டது, வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள், மழைக்கு முன்னால் போவது நல்லது என்று டாக்டர் மார்ச்சில் சொல்லியிருந்தார். ஜூன் முதல் வாரத்துக்கு வேலூரில் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

பணத்துக்கு வழி உலகம்மையின் நகைதான். ஒரு காசுமாலை, நாலு ஜோடி வளையல். வளையல் மகளுக்கென்று எடுத்து வைத்தது; வருகிற தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தது. ஜனவரியில் தங்கம் யாரும் கண்டிராத உயரத்துக்குப் போனபோது விற்றிருந்தால் காசுமாலையே போதும். ஆனால் ஜனவரியில் வெறும் மூச்சிரைப்புதான், வியாதிக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. பெயர் வைத்த மார்ச்சில் விலை சரிந்து கிடந்தது. இப்போது விற்றால் வளையலும் போக வேண்டும்.

"அடகு வச்சா என்ன அத்தான்? எங்க பேங்குலேயே வைக்கலாம்."

"எங்கப்பா வச்சது இன்னும் திரும்பி வரலைடே. அதையே காணோம், இதை வேற அனுப்பவா? வித்தா வித்தது, இருந்தா இருந்தது. நடுவிலே ஒண்ணும் வேண்டாம்."

குற்றாலலிங்கம் உலகம்மையின் தம்பி. ஒரு தனியார் வங்கியின் தலைமை அலுவலகத்தில் ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரி. நகைக்கடனுக்குக் கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மேலே உள்ளவர்கள் முடிவு செய்வது அவன் எழுதிக் கொடுக்கும் குறிப்பை வைத்துத்தான். பம்பாய் விலை, லண்டன் விலை எல்லாம் தினமும் பார்ப்பான். அவன் மிகவும் மதித்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து ஒரு தங்க வியாபார நிறுவனம் அனுப்பும் சுற்றறிக்கையை. அதில் ஒரே அட்டவணை. மேலே, உலகத்தில் எவ்வளவு தங்கம் வந்தது. கீழே, அது எங்கே போனது.

"ரெண்டு நாள் பொறுங்க. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் உள்ள அட்டவணை வரப்போகுது. அந்த உச்ச விலையிலேயும் ஜனங்க நகை வாங்கியிருந்தா, இறங்கினது நிலைக்காது, திரும்ப ஏறும். வாங்காம நின்னிருந்தா, கிடைச்ச விலைக்கு வித்திரலாம்."

"ரெண்டு நாளிலே நான் ஓடியா போகப்போறேன்," என்றார் தாணுமாலயன். "மாடிப்படியே ஏற முடியலை."

சுற்றறிக்கை வியாழக்கிழமை வந்தது. தபாலைப் பிரித்தவள் அவனுடைய உதவியாளர், மலையாளம் கலந்து பேசும் சரோஜம்.

"சார், லண்டன் வந்நு. காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாமா?"

"கொண்டா இங்கே."

நின்றுகொண்டே பிரித்தான். பல வருஷங்களாக அவன் பார்க்கிற வரி ஒன்று உண்டு. 'நகை' என்று இருக்கும். அதைச் சிவப்பு மையில் தன் தாளில் எடுத்து எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்ப்பான். போன காலாண்டில் நூற்றைம்பது டன். இப்போது நூற்றுத் தொண்ணூறு.

"நூத்தித் தொண்ணூறா!" என்றான். "அந்த விலையிலே நூத்தித் தொண்ணூறு!"

"நல்லதா சார்?"

"ரொம்ப நல்லது. நீ டேபிளை டைப் பண்ண எடுத்து வை. இதோ வந்திட்டேன்."

சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. வெயிலில் குடையில்லாமல் அக்கா வீட்டுக்கு நடந்தான்.

"ஏறும் அத்தான். ஓணத்துக்குள்ளே ஏறும். அப்போ காசுமாலை மட்டும் வித்தா மதி, அதுவே போதும்."

"அட்டவணை சொல்லுதா?"

"அட்டவணை சொல்லுது."

உலகம்மை பூஜை அறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். தாணுமாலயன் எழுந்து உட்கார்ந்தார். "அந்தப் பேனாவை எடு. வேலூருக்கு எழுதுறேன். ஓணம் கழிஞ்சு தேதி தரச் சொல்லி. பிள்ளை வளையல் பிள்ளைக்கே இருக்கட்டும்."

"டாக்டர் மழைக்கு முன்னேன்னு சொன்னாரே?" என்றாள் உலகம்மை.

"நல்லதுன்னுதானே சொன்னார். கட்டாயம்னா சொன்னார்?"

பிற்பகலில் அலுவலகத்தில் சரோஜம் மெஷினில் தாளை ஏற்றினாள். அவன் வாசிக்க அவள் அடிப்பது வழக்கம்.

"சுரங்கம், இருநூத்தி நாப்பது. கம்யூனிஸ்ட் நாடுகள் வித்தது, முப்பது."

"மொத்தம் இருநூத்தி எழுபது. சரியா சார்?"

"மொத்தம் நானூறுன்னு போட்டிருக்கு."

"அதெப்படி? பிரின்டிங் மிஸ்டேக்கா?"

"இரு. நடுவிலே ஒரு வரி இருக்கு. பழைய தங்கம், நூத்தி முப்பது."

"அப்படி ஒரு வரி நம்ம ஃபாரத்திலே கிடையாதே சார்?"

கிடையாது. இதுவரை இருந்ததில்லை. குற்றாலலிங்கம் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு. ஜனங்கள் விற்று உருக்கப்பட்ட பழைய நகையை இதுவரை நகைக் கணக்கிலிருந்து கழித்துக் காட்டி வந்தோம். இந்தக் காலாண்டு முதல் கழிக்காமல், வரவில் தனியாகக் காட்டுகிறோம். முந்தைய காலாண்டுகளோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

குறிப்பின்மேல் விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"சார்?"

"பழைய வழியிலே பாத்தா நூத்தித் தொண்ணூறிலே நூத்தி முப்பதைக் கழிக்கணும்."

"அறுபது."

"போன தடவை நூத்தைம்பது. இப்போ அறுபது. ஜனங்க வாங்கலை சரோஜம். வித்திருக்காங்க. ஜனவரியிலே விலை ஏறினதும் உலகம் பூராவும் கழுத்திலே கிடந்ததைக் கழட்டி உருக்கக் கொடுத்திருக்கு."

"நகை நூத்தித் தொண்ணூறு, தொழிற்சாலை, பல், நாணயம் எல்லாம் சேந்து நூறு. மீதி நூத்திப் பத்துக்கு என்ன போட்டிருக்கான்? இன்வெஸ்ட்மென்டா?"

"அதை யாரும் எண்ணிப் பாத்ததில்லை. வந்ததிலே நகை, தொழிற்சாலை, பல் வைத்தியம், நாணயம் எல்லாம் கழிச்சு, மிஞ்சினதை அந்தப் பேரிலே எழுதுவான். அதனாலேதான் வரவும் செலவும் எப்பவும் சரியா நிக்கும்."

"அப்போ இனிமே விலை?"

"இது மார்ச்சு வரைக்கும் நடந்த கதை. இனிமே நடக்கப்போறது இதிலே இல்லை." தன் சிவப்பு மைத் தாளைப் பார்த்தான். வரிசையாக நல்ல எண்களின் முடிவில் இன்று காலை எழுதிய நூற்றுத் தொண்ணூறு பளபளத்தது. "தலைவருக்குப் போகிற நோட்டை மாத்து. கிராமுக்குக் கடன் தொகையை ஏத்த வேண்டாம்னு எழுது."

நோட்டு மாறியது. பேங்குக்கு ஒரு சேதமும் இல்லை.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தான். அத்தான், நான் பார்த்தது தப்பு, அட்டவணை ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கே விற்றுவிட்டு வேலூருக்குக் கிளம்புங்கள். இவ்வளவுதான்.

உலகம்மை நெய் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். தாணுமாலயன் நாற்காலியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி அங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ரத்னாபாயிடம், "நம்ம மச்சினன் இருக்கானே, லண்டன்காரன் தும்மினா இங்கே இருந்து சொல்லிருவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தான், மத்தியானம் சொன்னேனே..."

"ஆமா. லெட்டர் போட்டாச்சு."

"அதைத்தான். வேணும்னா தந்தி அடிச்சு, அந்தத் தேதியையே..."

"ஏன்? விலை இறங்குமா?"

"இறங்கும்னு சொல்லலை."

"ஏறாதா?"

"ஏறாதுன்னும் சொல்ல முடியாது. அட்டவணையிலே ஒரு வரி மாறியிருக்கு. அதைப் பாத்தா கொஞ்சம்..."

"மாப்பிள்ளை, எனக்கு வரியெல்லாம் வேண்டாம். நான் கணக்கு எழுதினவன், ஒரு பக்கத்தோட முடிவிலே ஒரு எண்தான் இருக்கும். ஏறுமா இறங்குமா?"

ரத்னாபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மை கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

"ஏறும்னுதான் தோணுது," என்றான் குற்றாலலிங்கம்.

"மதி. அப்பம் சாப்பிடு."

சாப்பிட்டான்.

கர்க்கடகத்து மழை, ஆடி மாத மழை, அந்த வருஷம் விடாமல் பெய்தது. தாணுமாலயனுக்குக் காலில் நீர் கோத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். "ஜன்னலைத் திற," என்பார். "சாரல் அடிக்கும்," என்பாள் உலகம்மை. "அடிச்சா அடிக்கட்டும், காத்து வேணும்." அப்படி ஜன்னலைத் திறக்கச் சொன்ன ஒரு விடியற்காலையில், அவள் கொக்கியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. வேலூரிலிருந்து வந்த புதிய தேதி அலமாரியில் இருந்தது. செப்டம்பர்.

அதற்குள் தங்கம் ஏறத் தொடங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்த சாலைக்கடைக்காரர்களில் ஒருவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "சார் சொன்னது அப்படியே பலிச்சுது, கேட்டேளா," என்று குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகஸ்டில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. நகை நூற்று நாற்பது, பழைய தங்கம் அறுபது.

"கழிச்சா எண்பது," என்றாள் சரோஜம். "அறுபதிலே இருந்து எண்பது. பெரிசா ஒண்ணும் ஏறலையே சார். பின்னே விலை எப்படி?"

"நகையாலே ஏறலை."

"ஆனாலும் சார் ஏறும்னு சொன்னது சரியாச்சு அல்லே?"

அவன் சுற்றறிக்கையை மடித்து உறைக்குள் போட்டான். சிவப்பு மைத் தாளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டிருந்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம் உலகம்மை பேங்குக்கே வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, கையில் துணிமுடிச்சு. சரோஜம் நாற்காலி போட்டுவிட்டு வெளியே போனாள்.

"சாலையிலே கேட்டேன் லிங்கம். காசுமாலை ஒண்ணே போதுமாம். வேலூருக்கு, ரயிலுக்கு, எல்லாத்துக்கும் தாராளமா இருந்திருக்குமாம். நீ சொன்னபடியே." முடிச்சை மேஜைமேல் வைத்தாள். "கல்யாணச் செலவுக்கு இதை வித்திரவா? இன்னும் ஏறுமா?"

"அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

"தப்பா? அதான் ஏறியிருக்கே."

"ஏறினது வேற எதனாலேயோ. நான் பாத்தது தப்பான எண். ஜனங்க வாங்குறாங்கன்னு நினைச்சேன். வித்துக்கிட்டு இருந்தாங்க. காத்திருக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"அன்னைக்கே. சாப்பாட்டுக்குப் பிறகு."

"அப்பம் சுட்டேனே, அன்னைக்கா?"

"ஆமா."

"அவர் உன்கிட்டே கேட்டாரே. நான் வாசல்படியிலே நின்னேனே. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந்திரிச்சு ரயிலுக்குப் போயிருப்பாரே லிங்கம்."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உலகம்மை முடிச்சைத் திரும்ப எடுத்து மடியில் வைத்து, அவிழாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அடுத்த பேப்பர் எப்போ வரும் உனக்கு?"

"நவம்பரிலே."

"வந்தா என்கிட்டே சொல்ல வராதே," என்று எழுந்தாள். "ஓணத்துக்கும் வர வேண்டாம்."