பொட்டு வைத்த மேரி

லாசால் பிஸ்கட் ஆலையில் புதிய மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பு. வேலையிடத்துத் தவறுகளைப் பயமில்லாமல் முறையிடுவது எப்படி என்று பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் ஆளணி அதிகாரி ஸ்ரீகுமார் விளக்கினார். முறையிட்டவரைக் காட்டிக்கொடுக்கவே கூடாது என்றவர், பெயரை மாற்றி ஓர் உதாரணமும் சொன்னார். மாவு பிசையும் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை, வேகம் கூட்டவென்று பகுதித் தலைவர் கழற்றிவிட்டாராம். பொதி கட்டும் இடத்தில் நின்ற, பொட்டு வைத்த மேரி அதை இரகசியமாக அறிவித்தாளாம்.

எல்லோரும், புதிதாக மேற்பார்வையாளராகியிருந்த யோகராணியின் நெற்றியைப் பார்த்தார்கள். அந்த ஆலையில் பொட்டு வைப்பவள் அவள் ஒருத்திதான். வகுப்பைப் பார்வையிட வந்து கடைசி வரிசையில் இருந்த, அவளுடைய பகுதித் தலைவர் ராபேரும் பார்த்தான். பார்வையை எடுக்கவேயில்லை.

இடைவேளையில் அவள் ஸ்ரீகுமாரை மறித்தாள்.

"பேரை மாத்தினியள். நெத்தியை மாத்தினியளோ?"

"கதை சுவாரஸ்யமா இருக்கட்டுமேன்னு சொன்னேங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"நம்பித்தானே உங்களிட்டை வந்தனான்? இனி அந்தாளுக்குக் கீழை நான் எப்பிடி வேலை செய்யிறது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த வகுப்பிலை, முறைப்பாட்டை வாங்கினவரே ஆளைக் காட்டிக்குடுத்த கதையையும் சொல்லுங்கோ" என்றாள் யோகராணி. "அதிலை பேர் மாத்தத் தேவையில்லை. மேலிடத்துக்கு உங்கடை பேரை எழுதித்தான் குடுக்கப்போறன்."