தானே பூட்டிக்கொள்ளும் இண்டெக்ஸ்

மீஞ்சூரில் ரயிலேறும்போதே போன் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ஆலையின் சர்வர்களைக் கவனிக்கும் பூமிகா, அங்கே சர்வர் அறைக்குள் நுழையும்வரை அது ஓயவில்லை. இரும்புக் கம்பிகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஆலை. உலையின் வெப்ப அளவுகள் எலாஸ்டிக்சர்ச் என்ற தரவுத்தளத்தில், இண்டெக்ஸ் எனப்படும் தொகுப்புகளில் பதிவாக வேண்டும். பதிவில்லாத கம்பி லாரி ஏறாது. மறுபடி உலைக்குத்தான் போகும்.

உலை மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் கணினிமுன் வியர்த்து நின்றார்.

"இன்னாமா பேஜாரு இது? போன மாசம் நீ அடிச்ச அதே கமாண்டத்தான் அடிக்கிறேன். இண்டெக்ஸ் தொறக்குது. டீ ஆத்தறதுக்குள்ள மறுபடி மூடிக்குது."

"டிஸ்க் ரொம்பிடுச்சிண்ணா. தொண்ணூத்தஞ்சு சதவீதம் தாண்டினா எழுத வுடாது. படிக்கலாம், இண்டெக்ஸ மொத்தமா அழிக்கலாம், அவ்ளோதான். எடம் பண்ணாம பூட்டத் தொறந்தா திரும்பப் பூட்டிக்கும்."

"அப்ப பழசத் தூக்கிப் போடு."

"பழசுன்னா நாம அனுப்பின கம்பிங்களோட ரெக்கார்டு. நாளைக்கி ஒண்ணு ஒடஞ்சி திரும்பி வந்தா இன்னாத்தக் காட்டுவீங்க, உங்க மீசையையா?"

உலையோரத்துப் பெட்டி, அனுப்ப முடியாத அளவுகளைத் தன் நினைவில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். அது நிரம்பினால் அந்த ஷிப்டின் உழைப்பு போச்சு.

டிஸ்க்கை எது தின்கிறது என்று பார்த்தாள். இண்டெக்ஸ்கள் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் லாரி எடைமேடையின் கேமராப் படங்கள். எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீபனைப் போனில் கூப்பிட்டாள்.

"கேமரா ரெக்கார்டர் கெட்டுப் பூட்ச்சி மேடம். உங்க சர்வர்ல எடம் சும்மாதான கெடந்துச்சின்னு படத்தையெல்லாம் அங்க திருப்பி வுட்டேன்."

"சும்மா கெடந்துச்சா?" திட்டக்கூடத் தெம்பில்லை. "முதல்ல கேமரா இங்க எழுதறத நிறுத்து."

படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். நகல் சரியா என்று ஒப்பிட்ட பிறகே மூலத்தை அழித்தாள். ராஜமாணிக்கம் பெட்டிக்கும் கணினிக்குமாக நடந்துகொண்டிருந்தார். டிஸ்க் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது. கமாண்ட் எதுவும் அடிக்கவில்லை; சற்று நேரத்தில் பூட்டு தானாகவே விலகியது. காத்திருந்த அளவுகள் வரிசையாக உள்ளே வந்தன.

"வந்துச்சி, வந்துச்சி!" என்றார் ராஜமாணிக்கம்.

பூமிகா திரையை மேலே நகர்த்தினாள். அன்று உலையேறிய முதல் கட்டுக் கம்பிகளுக்கு அளவு ஒன்றுமே இல்லை.

"அண்ணா, அந்தப் பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"காலையில. சரியாப்பூடும்னு நெனச்சேன்."

"நினைவுல இருந்தது போச்சிண்ணா."

ராஜமாணிக்கம் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆறிக் கிடந்த முதல் கட்டுக் கம்பிகளை மறுபடி உலைக்குத் தூக்கச் சொல்லி கிரேன்காரரிடம் கையைக் காட்டினார். கிரேன்காரர் இரண்டு கையையும் விரித்தார். பிறகு கொக்கியை இறக்கினார்.

டிஸ்க் எண்பது சதவீதத்தைத் தாண்டினாலே தன் போனுக்குச் செய்தி வரும்படி பூமிகா அமைத்தாள். பிறகு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.