மாசியில் விற்ற குடைகள்

"மழை வந்து கடை வாசல்ல நிக்குது. நம்ம கடையில தொங்குறது பூராவும் அடுத்தவுக குடை! இந்தக் கூத்தை எங்கயாவது பாத்திருக்கீங்களா மச்சான்?"

மைத்துனர் ஹாஜா மைதீன் சொன்னது பொய்யில்லை. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் அஹமது கபீரின் குடைக்கடைக்கு அந்த ஐப்பசியில் வந்த சரக்கெல்லாம் மழை பிடித்த மூன்றே நாளில் பறந்துவிட்டது. பன்னிரண்டு ரூபாயில் ஆரம்பித்த விலை பதினான்கில் நின்றது. திருச்சியிலிருந்து வரவேண்டிய அடுத்த லோடு, வெண்ணாறு கரை புரண்டதில் வழியிலேயே மாட்டிக்கொண்டது. கடையில் மிச்சம், உத்தரக் கம்பில் வௌவால் மாதிரி தொங்கிய அந்த நாற்பது சொச்சம் குடைகள்தான். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. பச்சை, அரக்கு, வெளுத்துப்போன மஞ்சள்.

அவற்றை மாசியிலேயே விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் நடவுக்காரப் பெண்கள்.

விற்றபோது கபீர் தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணித் தானே சிரித்துக்கொண்டார். முந்தின வருசம் மழை ஏமாற்றி, சரக்கு தேங்கிவிட்டது. தேங்கிய குடை சும்மா இருக்காது. கம்பி துருப்பிடிக்கும், மடிப்பில் துணி இற்றுப்போகும், போட்ட பணத்துக்கு வட்டி ஓடும். மறு ஐப்பசி வரை எட்டு மாதம் காத்துக் கிடப்பதைவிட அடக்க விலைக்கே தள்ளிவிடலாம். ஆனால் மாசி வெயிலில் குடை வாங்குகிறவர் யார்?

யாரிடம் அப்போது கை நிறைந்திருக்கிறதோ அவர்கள்தான். தாளடி அறுத்து முடிந்திருந்தது. அந்த வருசம் கூலிக்காரர் சங்கம் நின்று பேசியதில் கூலி நெல் கொஞ்சம் கூடவே அளந்திருந்தார்கள். "மூணு மரக்கா நெல்லுக்கு ஒரு குடை" என்று கபீர் களத்துமேட்டில் போய்ச் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், கடைசியில் வாங்கினார்கள். வாங்கிவிட்டு, அவர்களில் வாய்க்காரியான செவ்வந்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எங்க குடிசையில வச்சா எலி தின்னுட்டுப் போயிடும் பாய். மழை வரைக்கும் ஒங்க கடையிலேயே தொங்கட்டும். வந்து எடுத்துக்கறோம்."

"அப்ப அடையாளம்?"

"எங்க சீலையில கிழிச்சுக் கட்டிட்டுப் போறோம். அவ அவ சீலை அவ அவளுக்குத் தெரியாதா?"

விற்றும் சரக்கு கடையை விட்டுப் போகவில்லை. அதற்காக எட்டு மாதமாக ஹாஜா மைதீன் மச்சானைக் கேலி செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது கேலிக்கு நேரமில்லை. பண்ணையார் வீட்டுக் காரியக்காரர் தியாகேசன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஏறினார்.

"ராவுத்தரே, நாளைக்குப் பண்ணையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஜனம் பந்தலுக்கு நனையாம வரணும். மன்னார்குடியில குடை இல்ல, திருவாரூர்ல இல்ல. அத்தனையும் எடுத்துக்கறேன். குடைக்குப் பதினெட்டு."

"அது வித்த சரக்கு, காரியக்காரரே."

"ஒன்னைக் காட்டும், பாக்கலாம்."

காட்டுவதும் விற்பதும் ஒன்றா என்று கபீர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கொக்கியால் ஒரு குடையை இறக்கினார். பிடியிலிருந்த நீலக் கிழிசலை அவிழ்த்தது அவர் விரல்கள்தான். தியாகேசன் விரித்தார், தலையாட்டினார், இரண்டு பத்து ரூபாய் நோட்டைப் பலகையில் வைத்தார். "பாக்கி இருக்கட்டும். இத ஐயாகிட்ட காட்டிட்டு வண்டியோட வர்றேன்." குடை மழைக்குள் இறங்கிப் போய்விட்டது. கபீர் கூப்பிடவில்லை.

"இப்பத்தான் யாவாரம்!" என்றார் ஹாஜா மைதீன். "மிச்சத்தையும் குடுத்துருவோம். திருச்சி லோடு வந்ததும் அதுகளுக்குப் புதுசாவே குடுக்கலாம். யாருக்கு நட்டம்?"

கபீருக்கும் அது நியாயம் போலத்தான் இருந்தது. கையில் நீலக் கிழிசல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டிச் சத்தத்துக்கு முன்னால் பேச்சுச் சத்தம் வந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் தெருவை அடைத்து வந்தார்கள். செவ்வந்தி முன்னால்.

"பாய், மழை வந்துருச்சு. எங்க சொத்தை எறக்குங்க!"

அதே நேரம் தியாகேசனின் மாட்டுவண்டியும் வாசலில் நின்றது. அவர் பெண்களைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார்.

"இதுகளுக்கா குடை? ஏ செவ்வந்தி, நாத்தைப் புடிக்க ஒரு கை, நட ஒரு கை. குடையை எந்தக் கையில புடிப்பே?"

"எனக்கெதுக்குங்க குடை? நான் நனைஞ்சே பொறந்தவ. வரப்புல புள்ள கெடக்குல்ல, அதுக்கு."

"இருபத்தஞ்சு தர்றேன் ராவுத்தரே! அதுகளுக்கு மூணு மரக்கா நெல்லைத் திருப்பிக் குடுத்து, மேல ஆளுக்கு அஞ்சு ரூபாயும் குடுத்துடும்."

"மாசியில எங்க கையில நெல்லு இருந்துச்சு, அப்ப பாய் வந்து குடை வித்தாரு," என்றாள் செவ்வந்தி. "இப்ப எங்க கையில ஈரந்தான் இருக்கு. இப்ப திருப்பி விக்கச் சொன்னா, மறுபடி வாங்கறதுக்கு நாங்க எங்க போறது?"

கபீர் நாற்காலியில் ஏறினார். "அரக்கு யாருது?" என்றார்.

ஹாஜா மைதீன் தலையில் கைவைத்துக்கொண்டார். தியாகேசன் வண்டியைத் திருப்பினார். அரக்கு போனது, மஞ்சள் போனது, பச்சைக்கு இருவர் சண்டை போட்டு ஓரத்துக் கரையைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். கடைசியில் உத்தரம் வெறுமையாகி, ஒருத்தி மட்டும் நின்றாள். காத்தாயி. கட்டியிருந்தது நீலச் சேலை.

"என்னுது எங்க பாய்?"

கபீர் இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். "இதை வச்சுக்க ஆத்தா. லோடு வந்ததும் குடையும் தர்றேன்."

அவள் நோட்டுகளைப் பார்த்தாள். "காசைப் புள்ளை மேல கவுக்க முடியாது பாய்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மற்றவர்கள் பின்னால் ஓடினாள்.

கபீர் மூலையில் சாத்தியிருந்த தன் சொந்தக் குடையை எடுத்தார். பிரம்புப் பிடி போட்ட பெரிய குடை. அதன் பிடியில் நீலக் கிழிசலைக் கட்டினார். விரிக்காமல், நனைந்துகொண்டே சைக்கிளில் ஏறினார்.

ஊர் எல்லை தாண்டியதும் சைக்கிள் தானாக நின்றது.

எத்தனையோ வருசமாகக் குடை விற்கிறார். விற்ற குடை எங்கே போகிறது என்று அவர் பார்த்ததில்லை. வானமும் வயலும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. நடுவே வரப்பு நெடுகக் கருப்புக் குடைகள், சேற்றில் காம்பு குத்தி நின்றன. இந்தக் கரையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழந்தை. ஒன்று உறங்கியது, ஒன்று கையை நீட்டிக் கம்பி நுனியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்தது. சேற்றில் வளைந்த முதுகுகளில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பண்ணையார் வயலில் ஆள்காரர் குடை விரிந்து அவர் பார்த்ததேயில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு வா என்பார்கள். எல்லாரும் கல்யாண வேலையில் இருக்க, இன்று மடக்கச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் மடங்கியிருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

"யா அல்லாஹ்," என்றார்.

வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே சாக்கைப் போர்த்தி ஒரு குழந்தை கிடந்தது. கபீர் வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் இறங்கினார். வழுக்கி ஒருமுறை விழுந்தார். பெண்கள் சிரித்தார்கள். பெரிய குடையை விரித்து, சாக்கின் பக்கத்தில் ஆழமாகக் குத்தினார். காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். நீலக் கிழிசலைப் பார்த்தாள். மறுபடி குனிந்து நட ஆரம்பித்தாள்.

கடைக்குத் திரும்பியபோது அவருக்குத் தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டிருந்தது.

"குடைக்கடைக்காரரு நனைஞ்சு வர்றாரு, பாருங்க எல்லாரும்!" என்றார் ஹாஜா மைதீன். "இருபத்தஞ்சுக்கு வித்திருக்கலாம்ல மச்சான்?"

"குடைக்கு வாங்குன நெல்லை ஆடி வரைக்கும் நம்ம வீட்டுலதானே தின்னோம்? ஆடியில நெல்லு என்ன விலை வித்துச்சு? நமக்கு நட்டம் எங்க?"

"நட்டமில்ல. லாபம் எங்க?"

கபீர் துண்டைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே வெளியே, வயல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"மச்சான், திருச்சிக்குத் தந்தி அடிங்க. மாசிக்கு எரநூறு குடை வேணும். சீசன் முடிஞ்ச விலையில."

"எரநூறா? அத்தனையும் எங்க மாட்டுறது?"

"இன்னொரு உத்தரம் போடணும்," என்றார் கபீர்.