அண்ணி கையில் கத்தரி

பெரியம்மா மகன் என்று இந்த டிசைன் வேலையை ஒப்புக்கொண்டது என் தப்பு. சொந்தக்காரனிடம் கறாராகப் பேச முடிகிறதா?

அண்ணன் செடி வெட்டும் கத்தரி ஒன்றைச் செய்திருந்தான். கைப்பிடிக்கு அச்சு வார்த்து, சரக்கும் கிடங்குக்கு வந்துவிட்டது. வீட்டை அடகு வைத்துச் செய்த தொழில். பெட்டியின் மேல் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டுமாம். என்னிடம் தந்தது இரண்டே படங்கள்: தோட்டத்தில் அண்ணி மொபைலோடு சிரிக்கும் படம், வெறும் மேஜையில் கத்தரி.

இரண்டையும் ஏஐக்குக் கொடுத்தேன். முதலில் கைப்பிடி உள்ளங்கைக்குள் உருகிப்போனது. அடுத்து ஆறு விரல். அப்புறம் கத்தரி நகவெட்டி அளவுக்குச் சுருங்கியது. எனக்கு மண்டை காய்ந்தது.

"இதுவே நல்லாத்தானே இருக்கும்மா!" என்றான் அண்ணன், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு.

"என்னத்த நல்லாருக்கு? பெட்டியத் திறந்தா வேற சைஸ்ல இருக்கும். வாங்கினவன் உன்னைச் சும்மா விடுவானா?"

ஏஐயை மூடிவிட்டு நானே உட்கார்ந்தேன். அண்ணியின் மொபைல் என்ன மாடல் என்று கேட்டு, அதன் நீளத்தை வைத்துப் படத்தின் அளவைக் கண்டுபிடித்தேன். மொபைலை அழித்து, அதே இடத்தில் கத்தரியை நிஜ அளவில் வைத்தேன். கட்டைவிரல் மேல்பிடியின் பின்னால், தொடும் இடத்தில் லேசான நிழல். எல்லாம் சரி. ஆனால் கீழ்ப்பிடியைச் சுற்றி வரவேண்டிய மற்ற விரல்கள் அதை எட்டவேயில்லை. திருப்பினேன், சாய்த்தேன், கணக்கை மறுபடி போட்டேன். சனியன், எட்டவில்லை!

"விரலைக் கொஞ்சம் இழுத்து விடேன்" என்றான்.

"இழுத்தா பேய் மாதிரி இருக்கும்ணா! நீயே பாரு, வாயைத் திறந்து வெச்ச கத்தரிய மூடணும்னா விரல் அங்க போகணுமில்ல?"

"எனக்குப் போகுதே."

பையிலிருந்து கத்தரியை எடுத்து டக்கென்று அழுத்திக் காட்டினான். நான் வாங்கிப் பார்த்தேன். என் கையும் எட்டவில்லை. இரண்டு கையாலும்தான் அழுத்த முடிந்தது.

"அண்ணி இதப் பிடிச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல. அவளுக்காகத்தானே செஞ்சேன். பெட்டியோட கொண்டு போய்க் குடுக்கலாம்னு மறைச்சு வெச்சிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அண்ணன் எழுந்து, திரையில் இருந்த அண்ணியின் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தான். படத்தை நிஜ அளவுக்குத்தான் பெரிதாக்கி வைத்திருந்தேன். அவன் உள்ளங்கைக்கடியில் அண்ணியின் கை முழுவதும் மறைந்துபோனது.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றான். "அவ கை இவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாதும்மா."