மழையைப் பார்க்கும் காட்சி

நாடகக் கலையைக் கொன்றது சினிமாவும் இல்லை, செல்போனும் இல்லை. ‘இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்’ என்ற கேள்விதான். இந்த உண்மையை மனிதகுலத்தில் முதலில் கண்டவன் தான்தான் என்பதில் மேதைக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மேதை என்பது நாடகக் குழு வைத்த பட்டப்பெயர். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து பேர் சேர்ந்து எழுதிய நாடகத்தில் அவனுடையது ஒரே ஒரு காட்சி. அப்பாவும் மகளும் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார்கள். ஏழு பக்கத்துக்குப் பார்க்கிறார்கள். நாளை அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. காட்சி போனால் அழைப்பிதழிலிருந்து அவன் பெயரும் போய்விடும்.

ஒத்திகையில் இயக்குநர் அக்கா அந்தக் காட்சியைத் தாண்டிப் படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார். “நடுவுல ஏதாவது விட்டுப்போன மாதிரி இருந்துச்சா?”

யாருக்கும் இல்லை.

“பாத்தியாப்பா? மக எப்படி வந்தாளோ அப்படியே போறா. ஒருத்தருக்கு ஏதாவது வேணும், அதை எதுவோ தடுக்கணும், கடைசியில நிலைமை மாறணும்.”

“இது சமையல் குறிப்பு, அக்கா. வாழ்க்கை இப்படியா நடக்குது?”

ஆனாலும் பெயர் போய்விடுமே. மூலையில் உட்கார்ந்து ‘இடி இடிக்கிறது’ என்று சேர்த்து நீட்டினான். “தடை வெச்சாச்சு.”

“இடி யாரை என்ன செய்யவிடாம தடுக்குது?”

“மழையைப் பாக்கறதை.”

“இடி இடிச்சா இன்னும் நல்லாப் பாப்பாங்களே.”

சிரிப்பு எழுந்தது. மேதைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கு இங்க என்ன வேலை? கிளம்பறேன்.”

ஹெல்மெட்டைக் காணோம். அப்பா வேடம் போடும் எலக்ட்ரிக் கடைக்காரர் மட்டும் நாற்காலியில் வழக்கத்தைவிட உயரமாக உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்கண்ணே.”

“எதுக்கு?”

“ஹெல்மெட் மேல உக்காந்திருக்கீங்க.”

“என் உயரமே இதுதாம்ப்பா.”

“அண்ணே, விளையாடாதீங்க.”

“கோவத்துல வண்டி எடுப்ப. கோவம் இறங்கட்டும், நானும் இறங்கறேன்.”

கெஞ்சினான். இழுத்துப் பார்த்தான். மனிதர் அசையவில்லை. “அது இல்லாமலே போறேன்” என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். கூடத்தில் ஒருவர் கையிலும் செல்போன் இல்லை, எல்லாரும் அவனையே பார்த்தார்கள். “நிஜமாவே போயிடுவானோ?” என்றாள் மகள் வேடக்காரி.

கடைக்காரர் எழுந்தார். ஹெல்மெட்டை நீட்டினார். “போ. ஆனா போட்டுக்கிட்டுப் போ.”

வாங்கிக்கொண்ட பிறகு மேதையால் போக முடியவில்லை.

அவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். காகிதத்தில் இருந்த இடியை அடித்துவிட்டான். ‘மகள் கிளம்ப வேண்டும். அப்பா குடையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதினான். இரண்டே பக்கத்தில் முடிந்தது. அதோடு நிற்காமல் அடுத்தவர் எழுதிய அடுத்த காட்சியைப் புரட்டி, குடையில்லாமல் போன மகளின் தலையை ஈரமாக்கினான். இனி அவன் காட்சியைத் தாண்டிப் படித்தால் விட்டுப்போனது தெரியும்.

“என்னப்பா எழுதற?” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா” என்று ஹெல்மெட்டைத் தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்தான்.