ஏழாவது ஸ்லைடு

மீன்வளத் துறைக் கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதில் எங்கள் மேலதிகாரி காட்டப்போகும் ஸ்லைடுகளின் காகித வரைவு, பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த மீன்வள நிலையத்துக்கு வந்தது. மேலே ‘ரிவ்யூ’ என்ற ஒரே சொல். ஏரியில் இறால் குறைந்ததற்குச் சிறுகண் வலைதான் காரணம் என்றது ஏழாவது ஸ்லைடு. அதைக் காட்டித்தான் அந்த வலைக்குத் தடை கேட்கப்போகிறார்.

"எழுத்து பெருசா இருக்கட்டும்னு எழுதி அனுப்பும்மா. இன்னாத்துக்கு வம்பு?" என்றார் எழுத்தர் அப்துல் ஹை.

"ஸ்லைடே இன்னும் ஃபிலிம்ல எடுக்கல பாய். எழுத்தைப் பத்தி இப்ப இன்னா சொல்றது?"

"அப்ப வரிசைய மாத்தச் சொல்லு."

"தப்ப எங்க வெச்சாலும் தப்புதானே?"

உள்ளடக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், வரிசையும் அமைப்பும் பிறகு என்று எழுதி, ஏழாவதைச் சிவப்பு மையால் அடித்தேன். காரணம் எழுதவில்லை. என் கணக்கெடுப்பு அறிக்கையிலிருந்து அந்தக் காரணத்தை நீக்கியவரே மேலதிகாரிதான்.

மூன்றாம் நாள் அவர் போனில் கத்தினார்.

"உன்னை யார் உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொன்னது?"

"எதைப் பார்க்கணும்னு நீங்க எழுதலையே சார்."

"இறால் கணக்கு நீ எடுத்ததுதானே? அதுல என்ன தப்பு?"



"கணக்கு சரி சார். ஆனா கணக்கெடுத்த மூணு மாசமும் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது. கடல்லேர்ந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியே இல்ல."