நோக்குகூலிக்குத் தமிழ்

கேரள எல்லையோரப் பாறசாலையில் அஜிஷா ஒரு மலையாள நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். 'நோக்குகூலி'யில் வேலை நின்றது. பிறர் சுமை இறக்குவதைச் சும்மா பார்த்துவிட்டு, சுமைதூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் கேட்கும் கூலி அது. தமிழில் அதற்குச் சொல் இல்லை. 'பார்வைக்கூலி' என்றாள். கண் டாக்டர் கட்டணமா என்றார் சென்னைப் பதிப்பாசிரியர். அடிக்குறிப்பும் கூடாதாம். மாலைக்குள் முடியாவிட்டால் நாவல் வேறொருவருக்குப் போகும்.

பக்கத்துவீட்டுச் சுமட்டுக்காரர் கருணாகரனை அழைத்து வந்து, பதிப்பாசிரியருக்கு வீடியோ காலில் விளக்கச் சொன்னாள். கருணாகரன் அவள் தட்டச்சு செய்வதைப் பத்து நிமிடம் சும்மா பார்த்தார். பிறகு கைநீட்டினார்.

"தா மக்கா."

"எதுக்கு அண்ணா? நீங்க ஒண்ணும் செய்யல்லியே!"

"அதுக்காக்கும் கூலி. செய்திருந்தா வேற ரேட்டு."

"புரிஞ்சிடுச்சு!" என்றார் பதிப்பாசிரியர். "நோக்குகூலின்னே இருக்கட்டும். முன்னாடி 'சும்மா பார்த்ததற்கு வாங்கும்'னு மட்டும் சேர்த்துடுங்க."

கருணாகரன் கையை மடக்கவில்லை. "சாரும் பாத்தோண்டுதானே இருந்தாரு? பாதி அவருக்காக்கும்."